இரணைமடுக் குறும்படம்: பின்னணிக் குரல் தாள் (சிங்களம், ஆங்கிலம்)

நேரக்குறி: மணி:நிமிடம்:செக்கன்:ஃபிரேம், செக்கனுக்கு 25 ஃபிரேம். குரல் பதிவு கிளிநொச்சியில், சனி காலை. மொழிபெயர்ப்பு வெள்ளி மதியத்துக்குள் வரவேண்டும்.

தொடங்க முன்னர்

எழுத்து எல்லையில் இடைவெளியும் நிறுத்தக்குறியும் அடங்கும். எண்ணுவதற்கு `=LEN(D4)` போதும். ஆனால் அது நாம் எழுத்து என்று நினைப்பதை எண்ணாது. தமிழில் "மு" இரண்டாக வரும், சிங்களத்தில் "ஸ்ரீ" ஐந்தாக வரும். சிங்கள எல்லையை அந்தக் கணக்கிலேயே போட்டிருக்கிறேன், கையால் எண்ணிக் குழம்பவேண்டாம்.

எண்களை எழுத்தால் எழுதுங்கள். "2018" என்றால் நான்கு எழுத்துத்தான், வாயால் சொல்ல இரண்டு செக்கன் போகும். எல்லைக்குள் வந்தாலும் ஒருமுறை கடிகாரம் பார்த்து வாசியுங்கள். வாசிப்புத் தப்பினால் எழுத்துக் கணக்கைப் பார்க்காமல் வெட்டுங்கள்.

1 | இன் `00:00:08:00` | அவுட் `00:00:19:00` | சிங்களம் 140, ஆங்கிலம் 165
கதைசொல்லி: "கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் இரணைமடு. கிளிநொச்சி வயல்களுக்கு இன்றும் அதுதான் தண்ணீர் கொடுக்கிறது."
குரல்: நிதானம். ஊர்ப்பெயர்களை விழுங்கக்கூடாது.

2 | இன் `00:00:23:00` | அவுட் `00:00:30:00` | சிங்களம் 90, ஆங்கிலம் 105
கதைசொல்லி: "காலபோகம் மழையை நம்பும். சிறுபோகம் குளத்தை நம்பும்."
குரல்: இரண்டு வசனத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு. சிங்களத்தில் மகா, யல என்றே போடலாம், கேட்பவருக்கு விளக்கம் தேவையில்லை. ஆங்கிலத்தில் மாரிப் பயிர், கோடைப் பயிர் என்ற கருத்து வந்தால் சரி.

3 | இன் `00:00:38:12` | அவுட் `00:00:47:00` | சிங்களம் 110, ஆங்கிலம் 125
கதைசொல்லி: "குளத்தின் கொள்ளளவு மட்டம் 36 அடி. தண்ணீர் மிஞ்சினால் 14 வான் கதவுகளும் திறபடும்."
குரல்: செய்தி வாசிப்புத் தொனி வேண்டாம். அடியை மீற்றராக மாற்றாதீர்கள், படத்தில் தெரியும் அளவுகோல் அடியில்தான் இருக்கிறது. வான் கதவுக்குச் சிங்களத்தில் "வான் தொரட்டு".

குரல் இல்லை | `00:00:47:00` முதல் `00:01:06:00` வரை
வான் பாயும் சத்தம் மட்டும். முந்திய வசனத்தின் மிச்சம் ஒரு ஃபிரேம்கூட இதற்குள் வரக்கூடாது. வெள்ளம் என்றால் என்னவென்று பார்ப்பவர் காதால் உணர்வது இந்த இடத்தில்தான்.

4 | படம் `00:01:06:00` முதல் `00:01:24:00` வரை | குரல் இன் `00:01:07:12` | குரல் அவுட் `00:01:22:12` | சிங்களம் 195, ஆங்கிலம் 225
கமக்காரப் பெண், பரந்தன்: "2018 மார்கழி. இரவு தண்ணி வந்திட்டுது எண்டு சனம் கத்திக்கொண்டு ஓடினது. நான் மாட்டை அவிட்டு விட்டிட்டுத்தான் பிள்ளையளைத் தூக்கினனான். மாடு கட்டையில நிண்டு சாகக்கூடாது எண்டு நினைச்சன்."
குரல்: முன்னும் பின்னும் ஒன்றரைச் செக்கன் அவவின் சொந்தக் குரல் கேட்கவேண்டும். அழுகைத் தொனி போடவே வேண்டாம், அவ அழவில்லை. அவ சொல்லும் ஒழுங்கை மாற்றாதீர்கள்: முதலில் மாடு, பிறகு பிள்ளைகள். எழுத்துக் குறைக்கவேண்டி வந்தால் சனம் ஓடிய வசனத்தில் கைவையுங்கள், கடைசி வசனத்தைத் தொடாதீர்கள். வன்னியில் மார்கழி என்பது டிசம்பர் மாதத்தைத்தான், ஆங்கிலத்தில் அப்படியே எழுதுங்கள். தண்ணீர் எப்படி வந்தது, யார் திறந்தது என்று அவ சொல்லவில்லை. நாமும் ஒரு எழுவாயை உள்ளே வைக்கக்கூடாது.

5 | படம் `00:01:31:00` முதல் `00:01:49:00` வரை | குரல் இன் `00:01:32:12` | குரல் அவுட் `00:01:47:12` | சிங்களம் 150, ஆங்கிலம் 170
வட்டவிதானை ஐயா: "துருசு திறக்கிற நாளைக் கூட்டத்திலதான் முடிவெடுப்பம். ஒருத்தன் வாய்க்காலை வெட்டினா... கடைசி வயல்காரனுக்குத் தண்ணி போகாது."
குரல்: எல்லையை வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன். "வெட்டினா" என்ற இடத்தில் ஐயா மூன்று செக்கன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், குரலும் அங்கே நிற்கவேண்டும். வட்டவிதானைக்குச் சிங்களத்தில் "வெல் விதானே". ஆங்கிலத்தில் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளர் என்ற பொருளில் நாலு சொல்லுக்குள் சொல்லுங்கள். மரியாதைப் பன்மை சிங்களத்தில் விடுபடக்கூடாது.

6 | இன் `00:02:02:00` | அவுட் `00:02:10:00` | சிங்களம் 100, ஆங்கிலம் 120
கதைசொல்லி: "வெள்ளம் வடிந்த வயலில் மணல் ஏறிக் கிடந்தது. அதை வழித்துவிட்டுத்தான் அடுத்த விதைப்பு."
குரல்: முதலாவது பகுதியின் அதே வேகம்.

7 | இன் `00:02:24:00` | அவுட் `00:02:29:00` | சிங்களம் 60, ஆங்கிலம் 70
கதைசொல்லி: "இந்த முறை சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது."
குரல்: சாதாரணத் தகவலாக. குரலை உயர்த்தி முடிக்கவேண்டாம்.

கோப்புப் பெயர் `iranaimadu_vo_si.xlsx`, `iranaimadu_vo_en.xlsx`. எல்லை மீறிய வரிகளை மஞ்சளாக்கி அனுப்புங்கள். 4, 5 இரண்டிலும் சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேளுங்கள், அந்த இருவரின் பேச்சையும் வெட்டாத பிரதியாக அனுப்பிவைக்கிறேன்.