எழில் மாவுக்கடை போர்டு: எழுத வேண்டிய வாசகம்

பெயின்டர் அண்ணனுக்கு,

அல்சூர் கடைக்கு எழுத வேண்டியது எல்லாம் இந்தத் தாளில் இருக்கிறது. கன்னட வரிகளை நீங்கள் வாசித்துப் பார்க்க வசதியாகத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். இதைப் பார்த்துக் கன்னடம் எழுத வேண்டாம். நம் ‘த’வுக்குக் கன்னடத்தில் நாலு எழுத்து, ‘ப’வுக்கும் நாலு. எதிர்வீட்டு அக்கா கன்னடத்திலேயே எழுதித் தந்த தாளைப் பின்னால் குத்தியிருக்கிறேன். கன்னடம் எழுதும் தம்பியிடம் அதைக் கொடுங்கள். இங்கே உள்ள வரி எண்ணும் அதில் உள்ள வரி எண்ணும் ஒன்றுதான்.

முதலில் வாசலுக்கு மேலே வரும் பெரிய போர்டு. தகரம், 8 அடி அகலம், 3 அடி உயரம்.

மேலே, கன்னடம்:

1. எழில்
2. இட்லி தோசெ ஹிட்டு
3. அக்கி, உத்து ருப்பி கொடலாகுவுது

கீழே, தமிழ்:

4. எழில்
5. இட்லி தோசை மாவு
6. அரிசி, உளுந்து அரைத்துக் கொடுக்கப்படும்

இவ்வளவுதான். ஆங்கிலம் வேண்டாம், ‘ஸ்ரீ’ வேண்டாம், போன் நம்பர் வேண்டாம், பிள்ளையார் படமும் வேண்டாம். கடைக்குள்ளே ஒரு பிள்ளையார் ஏற்கெனவே இருக்கிறார்.

பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், அதுவும் மேல்பக்கம் இருக்க வேண்டும் என்று 2024-இல் கர்நாடகத்தில் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அந்த வருஷம் ஊர் முழுக்க நீங்கள்தானே மாற்றி எழுதினீர்கள். நம் போர்டு 36 அங்குலம். அதில் 60 சதவீதம் 21.6. ஆகவே மேலே 22 அங்குலம் கன்னடத்துக்கு, கீழே 14 தமிழுக்கு. கன்னடத்தில் பெயர் 8 அங்குல எழுத்து, இரண்டாம் வரி 5, மூன்றாம் வரி 3. தமிழில் 5, 3, 2. மிச்சம் உள்ளது இடைவெளி. கன்னட மூன்றாம் வரிக்குக் கீழே மட்டும் 2 அங்குலம் தாராளமாக விடுங்கள். அக்கி, உத்து, ருப்பி, மூன்று சொல்லிலும் ஒத்தெழுத்து கீழே தொங்கும். பக்கத்துத் தெருவில் ஒரு போர்டில் இடம் விடாமல் எழுதி, தொங்கும் எழுத்தெல்லாம் அடுத்த வரியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எழில் என் மகள் பெயர். கன்னடத்தில் ‘ழ’ இல்லை. பழைய கன்னடத்தில் இருந்ததாம், இப்போது புழக்கத்தில் கிடையாது. அதனால் கன்னடத்தில் ‘ள’ போட்டு எழுதட்டும். தம்பி ‘ல’ போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவின் தாளில் அந்த எழுத்தை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். தமிழில் ‘எழில்’ என்பதில் ‘ழி’யின் வால் அடுத்த எழுத்தில் இடிக்காமல் இருந்தால் போதும்.

‘மாவுக்கடை’ என்று ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். போன மாசம் அட்டையில் நானே ‘ஹிட்டின அங்கடி’ என்று எழுதி வைத்தேன். ஹிட்டு என்றால் மாவு, அங்கடி என்றால் கடை, சரிதானே என்று நினைத்தேன். இரண்டு நாளில் நாலு பேர் ராகியும் கோதுமையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் பத்து கிலோ ராகியோடு படி ஏறி வந்து, மிஷின் எங்கே என்று கேட்டார். கன்னடத்தில் ஹிட்டு என்றால் உலர்ந்த மாவும் அதுதான், அரைத்த மாவும் அதுதான். தமிழிலும் அதே கதைதான், மாவு மில்லுக்கும் நமக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே இரண்டு மொழியிலும் இட்லி, தோசை என்ற பெயர் முன்னால் நிற்கட்டும். மூன்றாம் வரியில் அரிசி, உளுந்து என்று பிரித்துச் சொல்வதும் இதனால்தான்.

ஆறாம் வரியில் ‘அரைத்துக்’ என்பதில் ‘க்’ உண்டு, ‘கொடுக்கப்படும்’ என்பதில் ‘ப்’ உண்டு. இரண்டும் விழக் கூடாது. ஊரில் பாதி போர்டில் ‘கொடுக்கபடும்’ என்றுதான் இருக்கிறது.

நிறம்: கிரீம் பின்னணி, கரும்பச்சை எழுத்து, இரண்டு மொழிக்கும் ஒரே பச்சை. மஞ்சளும் சிவப்பும் இந்தத் தெருவில் ஏற்கெனவே பதினைந்து கடையில் இருக்கிறது.

அப்புறம் உள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் விலைப் பலகை. 2 அடிக்கு 3 அடி, கறுப்புப் பலகை. தலைப்பும் பொருள் பெயரும் பெயின்ட்டில். விலையை மட்டும் நான் சாக்கட்டியில் எழுதிக்கொள்வேன், உளுந்து விலை ஏறும்போது உங்களைக் கூப்பிட முடியாது. இன்றைக்கு உள்ள விலையைச் சாக்கட்டியில் நீங்களே ஒரு முறை எழுதிக் காட்டுங்கள், எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியும்.

7. இந்தின தர / இன்றைய விலை
8. இட்லி ஹிட்டு, 1 கிலோ / இட்லி மாவு, 1 கிலோ: 70 ரூபாய்
9. தோசெ ஹிட்டு, 1 கிலோ / தோசை மாவு, 1 கிலோ: 70 ரூபாய்
10. ராகி தோசெ ஹிட்டு, 1 கிலோ / ராகி தோசை மாவு, 1 கிலோ: 80 ரூபாய்
11. ருப்புவ கூலி, 1 கிலோ / அரவைக் கூலி, 1 கிலோ: 25 ரூபாய்
12. பாத்ரெ தந்தரெ கிலோகெ 2 ரூபாயி கடிமெ / பாத்திரம் கொண்டுவந்தால் கிலோவுக்கு 2 ரூபாய் குறையும்

ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் கன்னடம், நடுவில் தமிழ், வலது பக்கம் விலை. சாய்கோடு தாளில் மட்டும்தான், பலகையில் வேண்டாம். எண்கள் சாதாரண எண்களே, கன்னட எண்ணும் வேண்டாம், தமிழ் எண்ணும் வேண்டாம். கூலி இரண்டு மொழியிலும் கூலிதான், அதில் எனக்கு ஒரு திருப்தி.

அதே பலகையின் அடியில், கொஞ்சம் சின்ன எழுத்தில்:

13. உப்பு ஹாகிதெ / உப்பு போட்டது
14. நாளெ இட்லிகெ ராத்ரி ஹொரகெ இடி / நாளை இட்லிக்கு இரவில் வெளியே வையுங்கள்

பதிமூன்றாம் வரி கட்டாயம் வேண்டும். வீட்டுக்குப் போய் மறுபடி உப்பு போட்டுவிட்டு, மாவு கரிக்கிறது என்று திரும்பி வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள். பதினான்காவது வரி பெங்களூர்க் குளிருக்காக. வாங்கினதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மார்கழியில் இட்லி கல்லாக வந்தது என்று என்னைக் கேட்டால் நான் என்ன செய்வேன்? ‘வெளியே’ என்றால் வீட்டுக்குள், ஃப்ரிட்ஜுக்கு வெளியே. அதைப் போர்டில் விளக்கினால் வரி நீளும், வாயால் சொல்லிக்கொள்கிறேன். ‘இடி’ என்பதைப் பார்த்து நீங்கள் சிரிக்க வேண்டாம், ‘வையுங்கள்’ என்றுதான் அர்த்தம், மரியாதைச் சொல்தான்.

ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் நேரப் பலகை, ஒன்றரை அடிக்கு ஒரு அடி:

15. பெளிக்கெ 6:30 – 10:30
16. ஸஞ்செ 4:30 – 9:00
17. ஸோமவார ரஜெ
18. காலை 6:30 – 10:30
19. மாலை 4:30 – 9:00
20. திங்கள் விடுமுறை

இதில் தனித்தனியாக எழுதுங்கள், மேலே மூன்று வரி கன்னடம், கீழே மூன்று வரி தமிழ். நேரத்தை ஒரே ஒரு முறை எழுதி இரு பக்கமும் மொழியை ஒட்டலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் தாளில் எழுதிப் பார்த்தேன். காலை எது, மாலை எது என்று தேட வேண்டியிருக்கிறது. பால் வாங்கப் போகிற வழியில் ஒரு பார்வையில் தெரிய வேண்டும்.

கல்லாவுக்கு மேலே மூன்று சின்ன அட்டை, ஒவ்வொன்றும் ஒரு அடி அகலம்:

21. ஸால இல்ல / கடன் இல்லை
22. சில்லரெ கொடி / சில்லறை கொடுங்கள்
23. பிளாஸ்டிக் சீல இல்ல / பிளாஸ்டிக் பை இல்லை

கடனுக்கு ‘இந்து நகது, நாளெ ஸால’, அதாவது இன்று ரொக்கம், நாளை கடன் என்று இங்கே நிறையக் கடையில் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் ‘கடன் அன்பை முறிக்கும்’. இரண்டுமே எனக்கு வேண்டாம். அந்தக் கன்னட வாசகத்தைப் படித்துவிட்டு, ‘சரி அக்கா, நாளைக்கே கேட்கிறேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். இல்லை என்றால் இல்லை. 22-இல் கவனம்: தமிழில் ‘சில்லறை’, பெரிய ‘ற’. கன்னட ஓசையைப் பார்த்துச் சின்ன ‘ர’ போட்டுவிடாதீர்கள். 23-இல் ‘சீல’ என்றால் பை, சேலை இல்லை. பிளாஸ்டிக் பை இந்த மாநிலத்தில் 2016 முதலே தடை, இருந்தும் தினமும் கேட்கிறார்கள்.

கடைசியாகக் கதவில் தொங்கவிட ஒரு அட்டை, கயிறு போட ஓட்டையோடு. இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

ஒரு பக்கம்:

24. அங்கடி தெரெதிதெ / கடை திறந்திருக்கிறது

மறு பக்கம்:

25. ஹத்து நிமிஷதல்லி பருத்தேவெ / பத்து நிமிடத்தில் வருகிறோம்

பத்து ‘ஹத்து’ ஆகும், பால் ‘ஹாலு’ ஆகும், பூ ‘ஹூவு’ ஆகும். நம் ‘ப’வை எடுத்து ‘ஹ’வாக்கினால் பாதிக் கன்னடம் வந்துவிடும் என்று என் மகள் சொல்கிறாள். ஆனால் பாத்ரெ அப்படியே நிற்கிறது, ஹாத்ரெ ஆகவில்லை. ஆகவே தம்பி இந்த மாதிரி ஊகித்து எழுத வேண்டாம், தாளில் உள்ளபடியே எழுதட்டும்.

உணவுத் துறைப் பதிவுச் சான்று கண்ணாடிச் சட்டத்தில் தனியாக மாட்டப்போகிறேன், அது உங்கள் கணக்கில் இல்லை. யுபிஐ ஸ்டிக்கரும் அப்படியே.

பெரிய போர்டில் பென்சில் கோடு போட்டதும் பெயின்ட் தொடாமல் கூப்பிடுங்கள். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் கடை மூடியிருக்கும் நேரத்தில் நான் வருகிறேன், எதிர்வீட்டு அக்காவையும் அழைத்து வருகிறேன். அவர் கன்னடத்தை ஒரு முறை உரக்க வாசிப்பார், நான் தமிழை வாசிக்கிறேன். இருவருக்கும் சரி என்றால் அன்றைக்கே முதல் கோட்டிங் போட்டுவிடலாம். முன்பணம் 3,000 இந்தக் கவரில் இருக்கிறது, மிச்சத்தை மாட்டின அன்று தருகிறேன்.