நம் பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கணக்கு: கிராம சபையில் வைத்த விவரம், 2 அக்டோபர் 2024

தலைவர் அம்மாவுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். நான் பக்கத்து ஊர்ப் பெண்தான். கல்லூரியில் ஊட்டச்சத்துப் படிப்பு, கடைசி வருடம். ஆகஸ்ட் மாதம் உங்கள் நடுநிலைப்பள்ளியில் 120 பிள்ளைகளுக்கும் உயரம், எடை பார்த்தோம். செவிலியர் அக்கா விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். முந்தின நாள் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். அந்தக் கணக்கைத்தான் கயிற்றில் சார்ட்டுகளாக மாட்டியிருக்கிறேன். சார்ட் சரியாகத் தெரியாதவர்கள் முன்னால் வாருங்கள்.

முதல் சார்ட், ரத்தம் கம்மியாக இருப்பவர்கள். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 வயதுக்குக் கீழே 11.5 கிராம், 12 முதல் 14 வயது வரை 12 கிராம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் சோகை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் அதில் ஏறக்குறைய எத்தனை பேருக்கு ரத்தம் கம்மி என்று கறுத்த பொட்டு காட்டும்.

1 முதல் 5 வகுப்பு: ●●●○○○○○○○ (72 பேரில் 24)
6 முதல் 8 வகுப்பு: ●●●●●○○○○○ (48 பேரில் 26)

பெரிய பிள்ளைகள் 26 பேரில் 15 பேர் பெண் பிள்ளைகள். வளர்கிற வயது, மாதவிடாயும் தொடங்கிவிடுகிறது, இரும்புச்சத்து அதிகம் வேண்டும். ஆனால் ஆண் பிள்ளைகளும் 11 பேர் இருக்கிறார்கள், அதையும் மறக்க வேண்டாம். மிகவும் குறைவாக இருந்த இரண்டு பேரை அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியாகிவிட்டது. யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் இங்கே கேட்காதீர்கள்.

இரண்டாவது சார்ட், அன்று காலையில் வெறும் டீயோடு, அல்லது ஒன்றுமே இல்லாமல் வந்தவர்கள்.

1 முதல் 5 வகுப்பு: ●○○○○○○○○○ (72 பேரில் 5)
6 முதல் 8 வகுப்பு: ●●●●●●○○○○ (48 பேரில் 29)

ஒரே பள்ளி, ஒரே தெரு, சில வீட்டில் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தங்கை. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தங்கை பள்ளியில் உப்புமா சாப்பிடுகிறாள், அண்ணன் வராந்தாவில் நிற்கிறான். அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் ஏழரைக்கே நூறு நாள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். காலைப் பட்டினி மட்டும்தான் சோகைக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்மால் உடனே அடைக்க முடிகிற ஓட்டை அதுதான்.

மூன்றாவது சார்ட் எனக்கே வருத்தமானது. முந்தின நாள் பாக்கெட் தீனி தின்றவர்கள் 83 பேர். கீரை சாப்பிட்டவர்கள் 17 பேர். நாங்கள் போன 40 வீடுகளில் 31 வீட்டில் முருங்கை மரம் நிற்கிறது. கீரை யாருக்கு என்று கேட்டால் ஆட்டுக்கு என்கிறார்கள்! ஆடு நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? 6 முதல் 8 வகுப்புக்கும் காலை உணவு கேட்டு இன்றே தீர்மானம் போடுங்கள். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். கேழ்வரகுக் கூழும் சுண்டலும் செய்தால் பிள்ளைக்கு 9 ரூபாய் ஆகும் என்று மகளிர் குழு கணக்குப் போட்டிருக்கிறது. 48 பேருக்கு ஒரு நாளைக்கு 432 ரூபாய், 20 பள்ளி நாளுக்கு 8,640. பிறந்தநாள், கல்யாண நாள் என்று ஆளுக்கு ஒரு நாள் ஏற்றுக்கொண்டால் முடிகிற தொகைதான். கேழ்வரகும் கடலையும் விளைவிப்பவர்கள் மூட்டையாகவே கொடுக்கலாம்.

அடுத்தது அந்த நீல இரும்புச்சத்து மாத்திரை. வாரம் ஒன்று பள்ளியில் கொடுக்கிறார்கள், பாதி வேலிக்குப் போகிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியர் முன்னாலேயே விழுங்க வைக்கலாம், தலைமை ஆசிரியை ஒப்புக்கொண்டுவிட்டார். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், மாத்திரையால் அப்படித்தான் போகும். சாப்பாட்டோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை இருந்தால் சேர்த்துக் கொடுங்கள், அது சேரவைக்கும்.

ஊராட்சி செய்ய வேண்டியது இன்னொன்று. பள்ளிக் கழிப்பறைக்குப் பக்கத்துக் குழாய் உடைந்து கிடக்கிறது, சோப்பும் இல்லை. கை கழுவாத இடத்தில் குடற்பூச்சி மாத்திரை கொடுத்தாலும் பூச்சி திரும்ப வந்துவிடும். குழாயை இந்த மாதமே மாற்ற முடியுமா, வார்டு உறுப்பினர் அண்ணா?

பிப்ரவரியில் இதே 120 பேருக்கும் மறுபடி ரத்தம் பார்க்க வருகிறோம். சார்ட்டுகளைப் பள்ளிச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போகிறேன், புதுப் பொட்டுகளைப் பக்கத்திலேயே வரைந்துகொள்ளலாம். இப்போது கேள்வி இருந்தால் கேளுங்கள்.