அ.வ. 187/2021 தீர்ப்பாணையும் இ.பி. 61/2025-உம்: வாதிக்கான சுருக்கக் குறிப்பு

நாள்: 18.07.2025
நீதிமன்றம்: சார்பு நீதிமன்றம், நாமக்கல்
அடுத்த வாய்தா: 11.08.2025

தீர்ப்பு என்ன சொல்கிறது

புரோநோட்டின் பேரில் நீங்கள் தொடுத்த வழக்கு 14.06.2023 அன்று செலவுத்தொகையுடன் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. மூன்று பிரதிவாதிகளும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. ஆகவே முழுத் தொகையையும் ஒருவரிடமே வசூலிக்கலாம். மூன்றாகப் பங்கிட வேண்டியதில்லை.

14.03.2025 அன்று நிறைவேற்று மனுவான இ.பி. 61/2025-ஐத் தாக்கல் செய்தபோது காட்டிய கணக்கு:

அசல் ரூ.12,00,000
வழக்குக்கு முந்தைய வட்டி ரூ.1,44,000
வழக்கு நடந்த 2 ஆண்டுக்கு 9% வட்டி ரூ.2,16,000
தீர்ப்புக்குப் பின் 21 மாதத்துக்கு 6% வட்டி ரூ.1,26,000
செலவுத்தொகை ரூ.88,450
மொத்தம் ரூ.17,74,450
கழிவு: 05.02.2024 அன்று உங்கள் வங்கிக் கணக்கில் வந்தது ரூ.1,50,000
வரவேண்டியது ரூ.16,24,450

அந்த ஒன்றரை லட்சத்தை முதலில் செலவுக்கும் வட்டிக்கும் வரவு வைத்திருக்கிறோம். அசல் குறையவில்லை என்பதால் மாதம் ரூ.6,000 வட்டி ஏறிக்கொண்டே போகிறது. வட்டிக்கு வட்டி கிடையாது. 6% அசலுக்கு மட்டும்தான். இனி எந்தப் பிரதிவாதி எந்த வழியில் பணம் தந்தாலும் அன்றே எங்களுக்குச் சொல்லுங்கள். நீதிமன்றத்துக்கு வெளியே வாங்கிய தொகையை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21 விதி 2-இன்படி பதிவு செய்யாமல் விட்டுவிட்டு முழுத் தொகைக்கும் மனுவை நடத்தினால், எதிர்த்தரப்புக்கு நாமே ஆயுதம் கொடுத்ததாகிவிடும்.

தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 ஆண்டு காலவரம்பு உண்டு. ஆனால் 2 ஆண்டு கடந்து மனு போட்டால் விதி 22-இன்படி முதலில் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும், அதைச் சார்வு செய்வதிலேயே மாதங்கள் ஓடிவிடும். நம் மனு 21-ஆம் மாதத்திலேயே தாக்கலானதால் அந்தச் சுற்று மிச்சம். முதல் பிரதிவாதி மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லி வருகிறார். தடையாணை இல்லாத மேல்முறையீடு வசூலை நிறுத்தாது.

இப்போது எந்த நிலையில் இருக்கிறது

இ.பி. 61/2025 முதல் பிரதிவாதியின் மாடி வீட்டை ஜப்தி செய்து ஏலம் விடக் கோருகிறது. 23.06.2025 அன்று ஜப்தி உத்தரவானது. 04.07.2025 அன்று அமீனா நேரில் போய்த் தண்டோரா போட்டு, உத்தரவு நகலை வீட்டுக் கதவிலும் நீதிமன்றப் பலகையிலும் ஒட்டியிருக்கிறார். இனி முதல் பிரதிவாதி அந்த வீட்டை யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் உங்கள் பாக்கிக்கு எதிராக அது செல்லாது (பிரிவு 64). ஜப்திக்கு முன்பே பதிவான கிரயமோ, கிரய ஒப்பந்தமோ இருந்தால் நிலைமை வேறு. சார்பதிவாளர் புத்தகத்தில் ஜப்தி ஏறியிருக்கிறதா என்று புது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். ஏறாமல் விட்டுப்போவது அரிதல்ல.

பழைய வில்லங்கச் சான்றில் ஒரு வங்கி அடமானம் தெரிகிறது. ஏலம் அந்த அடமானத்துக்கு உட்பட்டே நடக்கும். அதனால் கேட்பவர்கள் குறைத்துத்தான் கேட்பார்கள். நிலுவை எவ்வளவு என்று வங்கியிடமிருந்து நீதிமன்றம் வழியாகத் தெரிந்துகொண்டு ஏல அறிவிப்பில் சேர்க்க வேண்டும். மறைத்தால் விதி 90-இன் கீழ் ஏலத்தையே ரத்து செய்யக் கேட்பார்கள்.

நீதிமன்றம் அனுமதிக்கும் வழிகள்

1. *வீட்டை ஏலம் விடுதல்.* 11.08.2025 அன்று விதி 66 ஏல அறிவிப்பு வரைவும் சொத்து மதிப்பும் தாக்கலாகும். மதிப்பைப் பற்றித்தான் அதிகச் சண்டை வரும். இரு தரப்பு மதிப்பையும் அறிவிப்பில் போடலாம். வீட்டின் ஒரு பகுதியே கடனுக்குப் போதும் என்றால் அந்தப் பகுதியை மட்டுமே விற்க முடியும். அறிவிப்பு ஒட்டி 15 நாளுக்குப் பிறகே ஏலம். ஏலம் எடுத்தவர் உடனே 25 சதவீதமும் 15 நாளுக்குள் மீதியும் கட்ட வேண்டும். தவறினால் மறு ஏலம். நீங்களே ஏலம் கேட்க விரும்பினால் முன்கூட்டியே விதி 72-இன்படி அனுமதி பெற வேண்டும். வரவேண்டிய தொகையை விலையில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஏலத்துக்குப் பின் 60 நாளுக்குள் கடன் பாக்கியையும், ஏலம் எடுத்தவருக்கு 5 சதவீதத்தையும் கட்டி வீட்டை மீட்க முதல் பிரதிவாதிக்கு வாய்ப்பு உண்டு. அதுவரை காத்திருக்க வேண்டும். உறுதியான பிறகே விற்பனைச் சான்றும், தேவைப்பட்டால் சுவாதீனமும் கிடைக்கும். குடியிருக்கும் வீடு என்பதற்காக மட்டும் விலக்கு இல்லை. விவசாயி குடியிருந்து வரும் வீடு என்றால் பிரிவு 60 குறுக்கே வரும். முதல் பிரதிவாதி லாரித் தொழில் செய்பவர். அந்த வாதம் எழுந்தால் பதில் சொல்ல அவருடைய பெர்மிட் நகல்கள் உதவும்.

2. *சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் (விதி 41).* 30 நாள் பாக்கி நின்றாலே கேட்கலாம். மறுத்தால் 3 மாதம் வரை சிவில் சிறை. இதை முதலிலேயே கேட்டு வாங்குவதுதான் நல்லது; வங்கிக் கணக்கைத் தேடி நாம் அலைவதை அவரே தீர்த்து வைப்பார்.

3. *வங்கிப் பணம், வர வேண்டிய வாடகை (விதி 46, 46-ஏ).* கணக்கு எந்தக் கிளையில் என்று தெரிந்தால் அவர் பணத்தை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லி வங்கிக்குக் கார்னிஷி நோட்டீஸ். அன்று கணக்கில் இருக்கும் தொகையே சிக்கும். ஓவர்டிராஃப்ட் கணக்கு என்றால் பயனில்லை.

4. *லாரிகள்.* இரண்டு லாரிகளும் ஃபைனான்ஸில் இருப்பதாக ஆர்.சி. நகல் காட்டுகிறது. ஃபைனான்ஸ் கம்பெனியின் பாக்கி போக மிஞ்சுவதே நமக்கு. நிறுத்தி வைக்கும் இடம், காவல் செலவு எல்லாம் உங்கள் தலையில் விழும். இப்போதைக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

5. *மூன்றாம் பிரதிவாதியின் சம்பளம்.* மாதம் ரூ.46,000. முதல் ரூ.1,000-உம், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு. எனவே மாதம் ரூ.15,000 பிடிக்கலாம். 24 மாதம் பிடித்த பிறகு இதே தீர்ப்பாணைக்கு மேலும் பிடிக்க முடியாது, அதிகபட்சம் ரூ.3,60,000. அவர் கோவையில் தனியார் நிறுவனத்தில் இருக்கிறார். அரசு ஊழியராக இருந்தால் நாமக்கல் நீதிமன்றமே உத்தரவிடலாம். தனியார் ஊழியருக்குச் சம்பளம் தருபவர் இந்த எல்லைக்குள் இல்லையே. ஆகவே பிரிவு 39-இன்படி தீர்ப்பாணையைக் கோவைக்கு மாற்றச் சொல்லி மனு போட வேண்டும். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவற்றைத் தொட முடியாது.

6. *கைது.* இரண்டாம் பிரதிவாதி பெண் என்பதால் பணத் தீர்ப்பாணைக்காக அவரைக் கைது செய்ய முடியாது (பிரிவு 56). முதல் பிரதிவாதிக்கு விதி 37 நோட்டீஸ் அனுப்பி விசாரணை நடத்த வேண்டும். பணம் கட்ட இயலும், ஆனாலும் கெட்ட எண்ணத்தோடு கட்டவில்லை என்று நாம் நிரூபிக்க வேண்டும். வெறும் பாக்கி போதாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. சிறை 3 மாதத்துக்கு மேல் போகாது, அந்த நாட்களுக்கான சாப்பாட்டுப் பணம் நீங்கள் கட்ட வேண்டும். வெளியே வந்த பின் கடன் அப்படியே நிற்கும், மறுபடி கைது செய்ய முடியாது. மிரட்டலுக்காக மட்டும் போடும் கைது மனு பெரும்பாலும் நேரத்தைத்தான் தின்கிறது.

வாய்தாவுக்கு முன் உங்களிடமிருந்து தேவை

04.08.2025-க்குள்: 2018 முதல் இன்றுவரையான வில்லங்கச் சான்று, வீட்டுக்கான அரசு வழிகாட்டி மதிப்பு, 05.02.2024 வரவைக் காட்டும் பாஸ்புக் பக்கம். அமீனா பேட்டாவுக்கும் ஏல அறிவிப்புக் கட்டணத்துக்கும் பணம். நான்கு எல்லைகளையும் நீங்களே நேரில் போய் மனுவில் உள்ள சொத்து விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிழக்கு எல்லையில் 'பொதுப்பாதை' என்று இருக்கிறது, அங்கே இப்போது ஒரு கடை எழும்பியிருப்பதாகக் கேள்வி. அது உண்மையானால் விவரத்தைத் திருத்த ஏலத்துக்கு முன்பே மனு போட வேண்டும். இல்லையென்றால் சுவாதீனம் எடுக்கப் போகும் அன்று அமீனா திரும்பி வந்துவிடுவார்.