துடுப்பு: பணத்தை எப்படிப் பிரிப்பது, யார் எதைப் பார்ப்பது

அன்பு கவி,

போன வாரம் போனில் பேசும்போது, “ஐடியா உன்னுடையது, நீயே அறுபது எடுத்துக்கொள், எனக்கு நாற்பது போதும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீமில் நம் படகு விளையாட்டுக்குப் பக்கம் திறக்கப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை எழுத்தில் பேசி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். பணம் வந்த பிறகு இதைப் பேச ஆரம்பித்தால் ஒவ்வொரு வார்த்தையும் கனமாகிவிடும். இப்போது கையில் ஒன்றும் இல்லை, அதனால் மனம் விட்டுப் பேசலாம்.

என் யோசனை, ஆளுக்குப் பாதி. காரணம் சொல்கிறேன்.

நான் முதலில் செய்து காட்டியதில் சாம்பல் நிறச் சதுரங்களும் நான்கு லெவல்களும்தான் இருந்தன. படகு ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவும், அவ்வளவுதான். நீ வரைந்த படகோட்டி உள்ளே வந்த அன்று, துடுப்பு தண்ணீரைத் தொடும் மூன்றாவது ஃபிரேமில்தான் படகு நகர வேண்டும் என்று சொன்னாய். அதற்காக நான் கோடிங்கை மாற்றினேன். அந்தச் சின்னத் தாமதத்தால் ஆட்டத்தின் தாளமே மாறியது. ஆடுபவர் நீரோட்டத்தைப் பார்த்துக் காத்திருக்கத் தொடங்கினார். இப்போது இருக்கும் நல்ல புதிர்கள் எல்லாம் அந்தக் காத்திருப்பிலிருந்து வந்தவைதான். அப்படியிருக்க, ஐடியா என்னுடையது, படம் உன்னுடையது என்று கோடு போட்டுப் பிரிக்க என்னால் முடியாது. இன்னொன்று, இதுவரை செய்ததைவிட இனிமேல் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். அந்த நீண்ட வேலையில் ஒருவருக்கு மட்டும் எப்போதும் குறைவு என்று இருந்தால், மனம் சோர்ந்த ஒரு நாளில் அந்தக் குறைவுதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஆனால் இன்றே ஆளுக்கு ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதும் சரியில்லை. யாராவது ஒருவர் பாதியில் விலக நேர்ந்தால், மற்றவர் தனியாக முடித்துவிட்டுப் பாதிப் பணத்தைக் காலமெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அதனால் பங்கைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். இதுவரை செய்த வேலைக்கு ஆளுக்கு 10 சதவீதம் இப்போதே உறுதி. டெமோ வெளிவந்ததும் இன்னொரு 10. எல்லா லெவல்களும், எல்லாப் படங்களும், முடிவுக் காட்சியும் உள்ளே வந்து, முதலிலிருந்து கடைசி வரை ஆடி முடிக்க முடிகிறது என்ற நிலையில் 15. வெளியீட்டு நாளில் 10. அதன் பிறகு ஆறு மாதம் பிழை திருத்தி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, விளையாட்டைக் கவனித்துக்கொண்டதற்கு 5. மொத்தம் ஆளுக்கு 50. கடைசி 5 சின்னதாகத் தெரியும், ஆனால் வெளியீட்டுக்குப் பிறகுதான் களைப்பு அதிகம். அந்த வேலைக்கும் ஒரு மதிப்பு எழுதி வைக்க வேண்டும்.

டெமோவுக்குப் பிறகு ஒருவர் விலகினால் அவருக்கு 20 சதவீதம் நிலைத்துவிடும், பெயரும் கிரெடிட்ஸில் இருக்கும். மீதி 30, முடிப்பவருக்கு. அவர் அதிலிருந்து வேறொருவரை அமர்த்திக்கொள்ளலாம். உடல்நலம், வீட்டுச் சூழ்நிலை, வேலைப் பளு என்று நின்றால் அது விலகல் ஆகாது. ஒரு வரி எழுதிச் சொல்லிவிட்டு மூன்று மாதம் வரை ஒதுங்கியிருக்கலாம், பங்கில் எதுவும் குறையாது. தேதிகள் தள்ளிப்போகட்டும். மூன்று மாதத்துக்குப் பிறகும் திரும்ப முடியாவிட்டால் உட்கார்ந்து பேசுவோம்.

அடுத்தது, எதைப் பாதியாகப் பிரிக்கிறோம் என்பது. பலர் சதவீதத்தை மட்டும் பேசி முடித்துவிட்டு இதில் மாட்டிக்கொள்கிறார்கள். விற்பனை வரியும், திருப்பிக் கொடுத்த பணமும் போன பிறகு 1,000 டாலர் விற்றது என்று வைத்துக்கொள். வாங்கியவர் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நம்முடையது சின்ன விளையாட்டு என்பதால் இதை மனதில் வைத்தே கணக்குப் போட வேண்டும். அந்த 1,000-இல் ஸ்டீம் தன் 30 சதவீதத்தை எடுத்தால் 700. அதிலிருந்து முதலில் நாம் கைக்காசு போட்ட செலவைத் திருப்பிக்கொள்வோம். 300 செலவு என்றால் மீதி 400. அதில் பத்தில் ஒரு பங்கு, 40 டாலர், பின்னால் வரும் செலவுக்காகப் பொதுவில் இருக்கட்டும். 360 பாக்கி, ஆளுக்கு 180. வெளியில் 1,000 என்று கேட்கிற தொகை கைக்கு வரும்போது இவ்வளவாகத்தான் இருக்கும். அமெரிக்க விற்பனைக்கு வரிப் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். அந்தப் பிடித்தத்தையும் பிரிப்பதற்கு முன்னாலேயே கழிப்போம்.

செலவு என்று நான் கணக்கில் எடுப்பது ஸ்டீமுக்குக் கட்டும் 100 டாலர், இசைக்குக் கொடுப்பது, எழுத்துரு உரிமம், மொழிபெயர்ப்பு. விளையாட்டைச் செய்யும் கோடோ எஞ்சினுக்குக் கட்டணமும் இல்லை, பங்கும் இல்லை, அந்தக் கவலை நமக்கு வேண்டாம். 50 டாலருக்கு மேல் எதற்குச் செலவழித்தாலும் இருவரும் சரி சொன்ன பிறகே. அந்த 100 டாலரை, விற்பனை 1,000 டாலரைத் தாண்டியதும் ஸ்டீம் திருப்பிக் கொடுக்கும். அதற்குள் கட்டியவருக்குச் செலவுக் கணக்கில் வந்திருந்தால், அது பொதுவில் சேரட்டும்.

ஸ்டீம் ஒரே வங்கிக் கணக்குக்குத்தான் பணம் அனுப்பும். பிரித்து அனுப்பாது. ஸ்டீம் கணக்கை என் பெயரில் திறக்கலாம் என்று நினைக்கிறேன், காரணம் கீழே வரும். ஒரு மாத விற்பனைப் பணம் அடுத்த மாதக் கடைசியில் வரும். வந்த ஏழு நாளுக்குள் உன் பங்கை அனுப்புவேன், கூடவே அந்த மாத அறிக்கையும் வரும். ஆனால் நான் அனுப்பும் அறிக்கையை மட்டும் நீ நம்ப வேண்டியதில்லை. உன் பெயரையும் அந்த ஸ்டீம் கணக்கில் சேர்த்து, விற்பனை அறிக்கைகளைப் பார்க்கும் அனுமதியைத் தருகிறேன். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய் நீயே பார்க்கலாம். முழுத் தொகையும் என் வருமானமாகத் தெரியும் என்பதால், உனக்கு அனுப்புவதை எப்படிக் காட்டுவது என்று முதல் பணம் வருவதற்கு முன்னால் ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுவோம். அந்தக் கட்டணமும் பொதுச் செலவு.

இப்போது வேலை. பெரிய பிரிவு நமக்கு ஏற்கெனவே தெரியும். கோடிங், லெவல் அமைப்பு, சேவ் ஆவது, கன்ட்ரோலர், பில்டு போட்டு ஏற்றுவது எல்லாம் என்னுடையது. படங்கள், அனிமேஷன், மெனுக்களின் தோற்றம், கடைப் பக்கத்தில் வரும் முகப்புப் படங்கள் உன்னுடையது. சண்டை வருவது இந்த இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் வேலைகளில்தான். அதனால் அவற்றுக்கும் பெயர் போட்டுவிடுகிறேன். கடைப் பக்கத்து எழுத்து, ஆடுபவர்களின் கேள்விகளுக்குப் பதில், பிழைப் பட்டியல், பத்திரிகைகளுக்கும் யூடியூபர்களுக்கும் மெயில் அனுப்புவது நான் பார்க்கிறேன். டிரெய்லர், ஸ்கிரீன்ஷாட், வாரம் ஒரு சின்ன வீடியோத் துண்டு நீ பார். டிரெய்லர் சாதாரண வேலை இல்லை என்று தெரியும். அதனால் அதைச் செய்யும் மாதத்தில் வேறு புதுப் படம் எதையும் உன்னிடம் கேட்க மாட்டேன். ஆட்களை உட்கார வைத்து ஆடச் சொல்லிப் பார்ப்பது இருவரும் சேர்ந்து. எங்கே தடுமாறுகிறார்கள் என்று நீயும் நேரில் பார்க்க வேண்டும்.

இசையை வெளியில் கொடுத்து, ஒரே தொகையாகக் கொடுத்துவிடலாம். பங்கு வேண்டாம். மூன்றாவது ஆளுக்கு மாதா மாதம் சின்னத் தொகை அனுப்பும் கணக்கு, அவருக்கும் நமக்கும் தொல்லை. ஆனால் விளையாட்டிலும் டிரெய்லரிலும் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பாடல்களைத் தனியாக விற்றால் அந்தப் பணம் யாருக்கு என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்பது இருவருக்கும் எதிர்பார்ப்பு. ஆனால் மணிக்கணக்கு எழுத வேண்டாம். நீ ஒரு மாலையில் வரைவதை வேறொருவர் ஒரு வாரம் வரைவார், என் கோடிங்கும் அப்படித்தான். கட்டம் முடிந்ததா என்பது மட்டுமே கேள்வி. முடிந்தது என்று இருவரும் மெயிலில் சொன்னால் முடிந்தது.

தோற்றத்தில் கருத்து வேறுபட்டால் உன் பேச்சு கடைசி. ஆட்டம் எப்படி நடக்கிறது என்பதில் என் பேச்சு கடைசி. விலை, பெயர், வெளியீட்டுத் தேதி, யாரோடாவது ஒப்பந்தம் போடுவது, இவற்றில் இருவரும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். ஒத்துவராவிட்டால் இருந்தபடியே இருக்கட்டும். டெமோத் தேதியை மட்டும் நெருக்கடியில் முடிவு செய்ய வேண்டாம். வரப்போகும் விளையாட்டுகளின் டெமோக்களைக் காட்டும் ஸ்டீமின் நெக்ஸ்ட் ஃபெஸ்டில் ஒரு விளையாட்டு ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ள முடியும். அரைகுறையாகப் போய் அதை வீணாக்குவதைவிட அடுத்த ஃபெஸ்டுக்குக் காத்திருக்கலாம்.

உரிமை பற்றி. எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் படங்கள் உன்னுடையவை, கோட் என்னுடையது, விளையாட்டு யாருடையது என்பது குழப்பம். நான் சொல்வது இதுதான். படங்கள் உன் பெயரிலும் கோட் என் பெயரிலும் இருக்கட்டும். இருவரும் இந்த விளையாட்டை விற்கவும் திருத்தவும் நிரந்தர அனுமதி கொடுத்துவிடுவோம். ஒருவர் விலகினாலும் அந்த அனுமதி திரும்பப் போகாது. இரண்டாம் பாகம், படகோட்டியை வேறெங்காவது பயன்படுத்துவது, இரண்டுக்கும் இருவர் சம்மதமும் வேண்டும். உன் போர்ட்ஃபோலியோவில் எல்லாவற்றையும் தாராளமாகக் காட்டு. நான் எழுதிய பொதுவான கருவிகளை என் அடுத்த வேலையில் பயன்படுத்துவேன். விளையாட்டே முடியாமல் போனால் அவரவர் செய்தது அவரவருக்கு.

கணக்கு என் பெயரில் என்று சொன்னதற்கான காரணம், உன் வேலை ஒப்பந்தம். நான் இப்போது யாரிடமும் வேலையில் இல்லை. நீ வேலையில் இருக்கும்போது வரைவது எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். வெளியில் சம்பாதிக்க முன் அனுமதி கேட்பவையும் உண்டு. தயவுசெய்து உன்னுடையதை எடுத்துப் படித்துப் பார். அப்படி ஏதாவது இருந்தால் முதலில் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கு, அதுவரை நாம் பக்கம் திறக்க வேண்டாம். அலுவலக லேப்டாப்பில் ஒரு கோடுகூட வரையாதே. மற்ற எல்லாவற்றையும் பிறகு மாற்றி எழுதிக்கொள்ளலாம், இதை மட்டும் பிறகு சரிசெய்ய முடியாது.

பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும். ‘விரைவில் வருகிறது’ என்ற பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் வெளியில் இருக்க வேண்டும். நமக்கு அதைவிட நீண்ட காலம் வேண்டும், வாங்க நினைப்பவர்கள் குறித்து வைக்கும் விஷ்லிஸ்ட் சேர நேரம் பிடிக்கும். அதனால் அவசரம் இல்லை, ஆனால் இழுத்தடிக்கவும் வேண்டாம்.

இந்த மெயிலை அப்படியே திருப்பி அனுப்பி, உனக்கு ஒத்துவராத இடங்களில் உள்ளேயே எழுது. நாற்பது போதும் என்று மட்டும் மறுபடி எழுதாதே. கட்டங்களின் சதவீதம், மூன்று மாத இடைவெளி, டிரெய்லர் உன் பக்கம் வந்தது, இந்த மூன்றிலும் நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை போனில் பேசுவோம். முடிவானதை இரண்டு பக்கத்தில் நானே எழுதி அனுப்புகிறேன். இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு ஸ்டீமுக்குப் பணம் கட்டுகிறேன்.

அன்புடன்,
செல்வி