பொருள்: மக்கும் பார்சல் பொருட்களுக்கு விலையும் சான்றிதழ்களும் வேண்டி

வணக்கம் சார்,

நேற்று மதியம் போனில் பேசிய கவிதா நான். கோவை ஆர்.எஸ்.புரத்தில் காபிக் கடை நடத்துகிறேன். தேவையை மெயிலில் அனுப்பச் சொன்னீர்கள், அதற்காக எழுதுகிறேன்.

எங்களுக்கு மாதத்துக்கு ஆகும் உத்தேச அளவு இது:

200 மி.லி. காபிக் கப், மூடியுடன்: 9,000
டிபன் பெட்டி, கரும்புச் சக்கையில் செய்தது, மூன்று அறை: 3,000
சாம்பாருக்கு 250 மி.லி. கிண்ணம், மூடியுடன்: 3,500
சட்னிக்கு 60 மி.லி. கிண்ணம், மூடியுடன்: 7,000
மர ஸ்பூன்: 4,000

எதிலும் பிரிண்ட் வேண்டாம். ஒரு பீஸ் விலை, ஒரு பெட்டியில் எத்தனை பீஸ், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, ஜிஎஸ்டி தனியாக எவ்வளவு, கோவை வரை லாரி வாடகை உங்களுடையதா எங்களுடையதா என்று பொருள்வாரியாகத் தெரிவியுங்கள். மூன்று மாதத்துக்கு மொத்தமாக எடுத்தால் விலை எவ்வளவு குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் ஸ்டோர் ரூம் சிறியது, மழைக்காலத்தில் ஈரம் ஏறும். அதனால் மூன்று மாத ஆர்டர் என்றாலும் சரக்கு மாதாமாதம் வந்தால்தான் வைக்க இடம் இருக்கும்.

விலையோடு சான்றிதழ்களும் கட்டாயம் வேண்டும். அதை அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் வேறொரு இடத்தில் "நூறு சதவீதம் மக்கும்" என்று அச்சடித்த கப்பை வாங்கினோம். கடையில் சேரும் காபித் தூளையும் காய்கறிக் கழிவையும் தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு விவசாயி உரக்குழிக்கு எடுத்துப் போகிறார். அந்தக் கப்புகளையும் அவரிடமே கொடுத்தோம். நாலு மாதம் கழித்துக் குழியைக் கிளறியவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். காகிதம் போய்விட்டது. உள்பக்கப் படலம் மட்டும் வெங்காயத் தோல் மாதிரி, கப்பின் வடிவம் குலையாமல் கையோடு வந்தது. அந்த உரத்தை அவர் மஞ்சள் வயலுக்குப் போடவில்லை. என்னை நம்பி எடுத்துப் போனவர் அவர். விற்றவரிடம் சான்றிதழ் கேட்டேன், கடைசி வரை வரவில்லை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் ஒன்று. ஆய்வுக்கு வந்திருந்தால் நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் கப், மூடி என்று பி.எல்.ஏ. பூச்சோ படலமோ உள்ள ஒவ்வொன்றுக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழும், ஐ.எஸ். 17088 படி நடந்த சோதனை அறிக்கையும் வேண்டும். சான்றிதழில் உள்ள பெயர் சரக்கைத் தயாரிப்பவருடையதாக இருக்கட்டும். பைக்கு வாங்கிய சான்றிதழைக் கப்புக்குக் காட்டினால் ஏற்க முடியாது. கரும்புச் சக்கைப் பெட்டிக்கு ஐ.எஸ். 18267 சான்று இருந்தால் அனுப்புங்கள். உணவு படும் எல்லாப் பொருளுக்கும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் உணவுத்தரச் சான்று தேவை, மைக்ரேஷன் சோதனை முடிவுகளோடு.

இன்னொன்று: எண்ணெய் ஊறாமல் இருக்கச் சில கரும்புச் சக்கைப் பெட்டிகளில் பி.எஃப்.ஏ.எஸ். என்ற ரசாயனம் சேர்க்கிறார்கள். அது மண்ணில் சிதையாமல் தங்கிவிடும். உங்கள் பெட்டியில் அது இல்லையென்றால் மொத்த ஃப்ளோரின் அளவு காட்டும் லேப் ரிப்போர்ட் அனுப்புங்கள். இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஐ.எஸ். 17088 சோதனை 58 டிகிரி சூட்டில், பெரிய உரக்கூடத்தின் நிலையில் நடப்பது என்று எனக்குத் தெரியும். விவசாயியின் குழி அந்தச் சூட்டில் மாதக்கணக்காக நிற்காது. எனவே எந்தப் பொருள் சாதாரண உரக்குழியிலேயே மக்கும், எதற்குப் பெரிய உரக்கூடம்தான் வேண்டும் என்று பொருள்வாரியாகக் குறித்துத் தாருங்கள். உரக்கூடம் வேண்டியவற்றை அவர் குழிக்கு இனி அனுப்ப மாட்டேன். கப்புக்கு வேறு வழி இல்லையென்றால் பார்சல் காபியைக் குறைத்து, ஃபிளாஸ்க் கொண்டு வருபவர்களுக்கு விலை குறைக்கும் யோசனையும் இருக்கிறது. ஆகவே கப்புக்கான உங்கள் பதிலைப் பொறுத்துத்தான் 9,000 என்ற எண்ணிக்கை உறுதியாகும்.

சாம்பிள் ஒவ்வொன்றிலும் பத்து பீஸ் அனுப்புங்கள், கூரியர் செலவு எங்களுடையது. டிகிரி காபி ஊற்றி மூடி வைத்து, மூடி வளைகிறதா என்று பார்ப்போம். கொதிக்கும் சாம்பாரை ஊற்றி டெலிவரிப் பையில் முக்கால் மணி நேரம் வண்டியில் சுற்றியும் பார்ப்போம். வளைந்த மூடியால் சாம்பார் கொட்டிப் போன பார்சலுக்குப் பணம் திருப்பிக் கொடுத்த அனுபவம் உண்டு.

விலையும் சான்றிதழ் நகல்களும் வரும் 18ஆம் தேதிக்குள் கிடைத்தால் இருப்பு தீர்வதற்குள் முதல் ஆர்டர் போட்டுவிட முடியும். முதல் ஆர்டருக்குப் பாதி முன்பணம், மீதி சரக்கு இறங்கியதும். அடுத்த மாதத்திலிருந்து 15 நாள் தவணை தர முடியுமா என்றும் சொல்லுங்கள். பேச வேண்டுமென்றால் மதியம் மூன்றிலிருந்து நாலரைக்குள் கூப்பிடுங்கள், அப்போது கடையில் கூட்டம் இருக்காது.

நன்றி,
மா. கவிதா
ஆர்.எஸ்.புரம், கோவை