பேர் இல்லாத ஓட்டம்

1993 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆங்கில வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். நான் அப்போது ஸ்டாண்டர்ட் த்ரீ. எதிரில் ஆயா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜன்னல் ஓரத்தில் அக்கா பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து வாக்கியம், ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லுக்குக் கீழே கோடு போட வேண்டும். நாலாவது வாக்கியம், 'ரன்னிங் இஸ் மை ஃபாதர்ஸ் ஹாபி'. எனக்காகவே எழுதினது மாதிரி இருந்தது. 'ரன்னிங்'குக்குக் கீழே அழுத்தி ஒரு கோடு போட்டேன்.

"தப்பு," என்றாள் அக்கா. அவள் பெயர் தேஷ்னி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். இஸ்திரிப் பெட்டி கையில் இருக்கும்போதும் அவள் கண் என் நோட்டில்தான் இருக்கும்.

"என்ன தப்பு? வெர்ப்னா செய்ற சொல்லு. டீச்சர் சொன்னாங்க. ஓடுறது செய்றதுதானே? அப்பா காலையில நாலு மணிக்கு எழுந்து போய் என்ன செய்றார், தூங்குறாரா?"

"டேய், இதுல வெர்ப் 'இஸ்'. 'ரன்னிங்' நவுன்."

"'இஸ்' என்ன செய்யுது? சும்மா நிக்குது."

ஆயா சிரித்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் பேரப்பிள்ளைகள் சண்டை போட்டால், எந்த மொழியில் போட்டாலும் அவளுக்குப் புரியும்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் விடமாட்டாள் என்று அர்த்தம். "இங்க பாரு. 'ரன்னிங்'கை எடுத்துட்டு அந்த இடத்துல 'கிரிக்கெட்' போடு. கிரிக்கெட் இஸ் மை ஃபாதர்ஸ் ஹாபி. சரியா வருதா?"

"வருது."

"'ஈட்' போடு. ஈட் இஸ் மை ஃபாதர்ஸ் ஹாபி."

வரவில்லை. ஆனாலும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. "அப்போ, 'மை ஃபாதர் இஸ் ரன்னிங்'ல?"

"அதுல வெர்ப்."

"பார்த்தியா! அதே சொல்லு. ஒரு சொல்லு எப்படி ரெண்டும் ஆகும்?"

"அப்பா எத்தனை வேலை பார்க்கிறார்? வாரத்துல அஞ்சு நாள் ஷூ ஃபேக்டரி. சனிக்கிழமை மார்க்கெட்ல மாமாவோட காய்கறி. ஆள் மாறிட்டாரா? வேலைதானே மாறுது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பென்சிலைக் கடித்தேன். தோற்றுப்போகிற நேரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். அன்றும் செய்தது. அப்பா ஓடுகிற நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தின் பெயர் காம்ரேட்ஸ்.

"சரி அக்கா. 'ரன்னிங் காம்ரேட்ஸ் இஸ் ஹார்ட்'. இதுல?"

"நவுன்."

"கிரிக்கெட் போட்டுக் காட்டு."

அவள் வாயைத் திறந்தாள். கிரிக்கெட் காம்ரேட்ஸ் இஸ் ஹார்ட். வாயை மூடிக்கொண்டாள். அக்கா வாய் அப்படி மூடி நான் அதுவரை பார்த்ததில்லை. எழுந்து மேசையைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டேன். ஆயா, "கீரை, கீரை!" என்று முறத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா தன் புத்தகப் பையிலிருந்து இலக்கணப் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து வைத்துப் படித்தாள். பிறகு அதைத் தள்ளிவிட்டு ஆயா பக்கம் திரும்பினாள்.

"ஆயா, வேகமா ஓடுறதை எப்படிச் சொல்லுவ?"

"வேகமா ஓடுறதுன்னுதான்."

"அதையே 'ஓட்டம்' வெச்சுச் சொல்லு."

"வேகமான ஓட்டம்."

"அதான்!" என்று அக்கா மேசையைத் தட்டினாள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் ஜன்னல் வழியாகக் காக்காய் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலெல்லாம் அவள் பாடம் கேட்டிருக்கிறாள். "ஓடுறதுக்கு முன்னாடி 'வேகமா' வருது, வினைக்கு வர்ற மாதிரி. ஓட்டத்துக்கு முன்னாடி 'வேகமான' வருது, பேருக்கு வர்ற மாதிரி. ஆனா ரெண்டையும் 'நல்லது'ன்னு சொல்லலாம். ரெண்டுமே பேர்ச்சொல். வாத்தியார் தொழிற்பெயர்னு சொன்னார். ஓடினான்னு சொன்னா எப்போன்னு தெரியும், யாருன்னு தெரியும். ஓடுதல்னா எப்போன்னும் தெரியாது, யாருன்னும் தெரியாது. வினையோட பேர், அவ்வளவுதான்."

"இங்கிலீஷ்ல?"

"இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சட்டை. உன்னோட 'ரன்னிங் காம்ரேட்ஸ்' இருக்கே, அது உள்ளுக்குள்ள வினை. அதனாலதான் பக்கத்துல காம்ரேட்ஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. வெளியில இருந்து பார்த்தா அந்த மொத்தமும் சேர்ந்து ஒரு பேர். 'ரன்னிங் காம்ரேட்ஸ்'னு முழுசா எடுத்துட்டு, அங்க கிரிக்கெட் போடு."

கிரிக்கெட் இஸ் ஹார்ட். வந்தது. எனக்கு அழுகை வந்தது.

"உள்ளுக்குள்ள வினைன்னு நீயே சொல்லிட்ட," என்றேன். "அப்போ பாதி நான் சொன்னது சரி."

"பாதி," என்றாள் பெரிய மனசோடு. "ஆனா இதைப் பாரு." கொடியில் துணி போடுகிறவள் மாதிரி நேற்றைய பேப்பரை விரித்துப் பிடித்தாள். மே 31 பந்தயத்தைப் பற்றிய செய்தி. "'தி சிக்ஸ்டி எய்த் ரன்னிங் ஆஃப் தி காம்ரேட்ஸ்'. முன்னாடி 'தி', பின்னாடி 'ஆஃப்', நடுவுல நம்பர் வேற போட்டு எண்ணிட்டான். இதுல உன் வினை ஒரு துளி கூட இல்ல. எண்ண முடிஞ்சா பேர்."

அந்த நேரத்தில்தான் பின்கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். வேலை முடிந்து, அங்கிருந்து வீடு வரைக்கும் ஓடியே வந்திருந்தார். பந்தயத்துக்கு முந்தைய மாதங்களில் பஸ் காசு மிச்சம். கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார். வலது கால் கட்டைவிரல் நகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அந்த நகம் வருஷத்துக்கு ஒரு தடவை விழும். அம்மா உப்புப் போட்ட வெந்நீரை ஒரு பேசினில் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா, ரன்னிங் வெர்ப்பா நவுனா?"

அப்பா காலைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணை மூடி, "இப்போதைக்கு வலி," என்றார்.

நாங்கள் விடவில்லை. அக்கா பேப்பரைக் காட்டி முழுக் கதையையும் சொன்னாள், எண்ண முடிஞ்சா பேர் என்பது வரைக்கும். அப்பா அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நான் எத்தனை காம்ரேட்ஸ் ஓடியிருக்கேன்?" என்று கேட்டார்.

"ஏழு," என்றேன். ஏழு மெடல் முன்னறைச் சுவரில் தொங்கியது. வெண்கலம், ஒவ்வொன்றும் பழைய நாணயம் மாதிரி சின்னது. யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

"புத்தகத்துல ஏழுதான்."

எங்களுக்குப் புரியவில்லை. அப்பா சொன்னார். 1975 வரைக்கும் காம்ரேட்ஸில் வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும்தான் நம்பர் கொடுப்பார்கள். கறுப்பர்களுக்கு இல்லை, நமக்கு இல்லை, எந்தப் பெண்ணுக்கும் இல்லை. ஆனால் ரோடு ரோடுதானே. 1972, 73, 74, மூன்று வருஷமும் அப்பா கூட்டத்துக்குப் பின்னால் நம்பர் இல்லாமல் ஓடியிருக்கிறார். தொண்ணூறு கிலோமீட்டர் பக்கம். கூட வேலை பார்த்த ஒருவர் தன் பழைய காரில் முன்னால் போய், மேட்டு மேட்டுக்கு நின்று தண்ணீரும் ஆரஞ்சுச் சுளையும் கொடுத்தாராம்.

"இஞ்சாங்கா மேட்டுல ஒரு வெள்ளைக்காரர் என் பனியனைப் பார்த்தார். நம்பர் இல்ல. ஒண்ணும் பேசல. தன் பாட்டில்ல பாதி தண்ணியை எனக்குக் கொடுத்துட்டு ஓடிட்டார்," என்றார் அப்பா. "74ல பத்தரை மணி நேரத்துல முடிச்சேன். பதினொரு மணி நேரம் வரைக்கும் மெடல் உண்டு. எனக்கு ஸ்டேடியத்துக்குள்ள போக பயம். வெளியில கேட் பக்கம் ஒரு மரம் இருந்துச்சு. அதைத் தொட்டுட்டு நின்னுட்டேன்."

"பேப்பர்ல?" என்றாள் அக்கா.

"மறுநாள் பேப்பர்ல முடிச்சவங்க லிஸ்ட் வரும். தேடிப் பார்த்தேன். இருக்காதுன்னு தெரியும், ஆனாலும் கடைசி வரைக்கும் தேடினேன்."

ஆயா கீரையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தாள். "அந்த மூணு வருஷமும் ஓடினான். பேர்தான் இல்ல," என்றாள்.

ஆயா இலக்கணம் படித்தவள் இல்லை. தன் மகன் பெயரைத்தான் சொன்னாள். ஆனால் அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுப்பில் வெங்காயம் வதங்குகிற சத்தம் மட்டும்.

"அப்போ எண்ணவே இல்லையா?" என்று கடைசியில் நான்தான் கேட்டேன்.

ஆயா எழுந்து என் கையைப் பிடித்து முன்வாசலுக்குக் கூட்டிப்போனாள். அக்காவும் பின்னால் வந்தாள். நிலைக்கட்டையில் இடது பக்கம், அப்பாவின் தோள் உயரத்தில், வரிசையாகக் குங்குமப் பொட்டுகள். பிறந்ததிலிருந்து அவற்றைப் பார்க்கிறேன். பண்டிகைக்கு வைக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். கதவுக்கு எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்தாயிற்று. அந்த இடத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் அப்பா சுற்றிவிட்டு அடிப்பார்.

"ஆரத்தி எடுத்துட்டு வெச்சது," என்றாள் ஆயா. "எண்ணு."

மேலே இருந்த மூன்றும் மங்கி, விரல் ரேகை அளவுக்குத்தான் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே ஏழு. பத்து.

அக்காவின் விரல் மங்கிய மூன்றில் ஒன்றின் மேல் நின்றது. தொடவில்லை. "இது எண்ணியிருக்கு," என்றாள் மெதுவாக. "அப்போ இது பேர்தான்."

"நீ சொன்னபடியே," என்றேன்.

"நான் சொன்னபடிதான்," என்றாள். அதிலும் அவளுக்கு ஜெயிக்க வேண்டும்.

அன்று ராத்திரி நாலாவது வாக்கியத்தில் போட்ட கோட்டை ரப்பர் வைத்து அழித்தேன். அழுத்திப் போட்டதால் முழுசாகப் போகவில்லை. 'இஸ்'ஸுக்குக் கீழே புதுக் கோடு போட்டேன். டீச்சர் சரி போட்டார். அழித்த தடத்தைச் சுற்றி ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். நான் போய் விளக்கம் சொல்லவில்லை.

மே 30 ராத்திரி அக்கா அப்பாவின் பனியனில் நாலு ஊக்குக் குத்தி நம்பரை மாட்டினாள். மறுநாள் அப்பா விடியுமுன்னே கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. காரிலிருந்து இறங்கி, படியில் பக்கவாட்டாக, நண்டு மாதிரி ஏறினார். கழுத்தில் எட்டாவது மெடல். ஆயா ஆரத்தித் தட்டைச் சுற்றினாள், தண்ணீரை வாசலில் கொட்டினாள், குங்குமத்தில் விரலைத் தோய்த்தாள்.

"எத்தனைடா?" என்று என்னைக் கேட்டாள்.

"பதினொண்ணு," என்றோம் நானும் அக்காவும்.