30, 60, 120, 4K: கன்சோல் செட்டிங்கில் எது என்ன செய்யும்?

புதிதாக பிஎஸ்5 வாங்கி 43 இன்ச் 4K டிவியில் மாட்டியவர்கள் வழக்கமாகக் கேட்பது இதுதான்: "120 ஹெர்ட்ஸ் ஆன் பண்ணியும் படம் அப்படியேதானே இருக்கு?" அப்படியேதான் இருக்கும். அந்த அளவில் கிடைக்கும் பெரும்பாலான டிவிகள் 60 ஹெர்ட்ஸ்தான். கன்சோல் தயாராக இருந்தும் டிவியால் முடியவில்லை. எந்த எண்ணை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பிடிபட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ரெசொல்யூஷன், ஃப்ரேம் ரேட், ரெஃப்ரெஷ் ரேட் என்ற மூன்றில் முதலில் ரெசொல்யூஷன், இதுதான் சுலபம். ஒரு படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதே அது. 1080p என்றால் 1920×1080, அதாவது ஏறத்தாழ 21 லட்சம் பிக்சல்கள். 1440p-யில் சுமார் 37 லட்சம். 4K-வில் 3840×2160, கிட்டத்தட்ட 83 லட்சம். 1080p-யிலிருந்து 4K-வுக்குப் போனால் கன்சோல் வரைய வேண்டிய புள்ளிகள் நான்கு மடங்கு. அதனால் தூரத்து மரத்தின் இலை, வேலிக் கம்பி, சின்ன எழுத்து எல்லாம் கூர்மையாகத் தெரியும். ஆனால் படம் எவ்வளவு வழுக்கலாக நகர்கிறது என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. பத்தடி தள்ளி சோஃபாவில் உட்கார்ந்து 43 இன்ச் பார்ப்பவருக்கு 1440p-க்கும் 4K-வுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்பது என் அபிப்பிராயம்.

ஃப்ரேம் ரேட் என்பது கேம் ஒரு நொடிக்கு எத்தனை படங்களை வரைகிறது என்ற கணக்கு. இதை எஃப்பிஎஸ் என்பார்கள். 30 எஃப்பிஎஸ் என்றால் ஒரு படத்துக்கு 33.3 மில்லிசெகண்ட் அவகாசம். 60-க்கு 16.7. 120-க்கு வெறும் 8.3. அதற்குள் வெளிச்சம், நிழல், எதிரியின் நடவடிக்கை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடித்தாக வேண்டும்.

வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். எந்த ஆக்‌ஷன் கேமிலும் வலது ஸ்டிக்கைத் தள்ளி கேமராவை வேகமாகச் சுற்றுங்கள். அரை நொடியில் 90 டிகிரி திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 எஃப்பிஎஸ்ஸில் அது 15 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் காட்சி 6 டிகிரி தாவுகிறது. 60-ல் 30 படங்கள், தாவல் 3 டிகிரிதான். சுவரில் உள்ள போஸ்டரை உற்றுப் பாருங்கள், 30-ல் அது விட்டு விட்டு நகர்வது தெரியும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால்தான் விளம்பரப் படங்களை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கூடவே இன்னொரு லாபம்: பட்டனை அழுத்தியதன் விளைவு அடுத்த படத்தில்தான் தெரியும் என்பதால், படங்கள் சீக்கிரம் சீக்கிரம் வந்தால் கைக்கும் திரைக்கும் உள்ள இடைவெளியும் குறைகிறது. சண்டை கேம், கால்பந்து கேம் ஆடுகிறவர்களுக்கு இதுதான் முக்கியம்.

ரெஃப்ரெஷ் ரேட் முழுக்க டிவியின் சமாச்சாரம். திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் டிவி, நேரம் தவறாமல் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை கிளம்பும் டவுன் பஸ் மாதிரி. கேம் வரைந்த படம் அந்த நேரத்துக்குள் வந்துவிட்டால் ஏறிக்கொள்ளும். கொஞ்சம் தவறினாலும் அடுத்த பஸ்தான். அதுவரை திரையில் பழைய படமே மறுபடி காட்டப்படும். 30 எஃப்பிஎஸ் கேமுக்குச் சிக்கலில்லை, ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை வரும். ஆனால் கேம் 45-ல் ஓடினால் சில படங்கள் ஒரு முறை, சில இரண்டு முறை என்று ஒழுங்கில்லாமல் வந்து கண்ணை உறுத்தும். நிலையான 30, தள்ளாடும் 45-ஐ விட நிம்மதி என்று பலர் சொல்வது இதனால்தான். காத்திருக்காமல் பாதியிலேயே படத்தை மாற்றும் கேம்களும் உண்டு. அப்போது திரை குறுக்கே கிழிந்ததுபோல, மேல்பாதி பழைய படமும் கீழ்ப்பாதி புதுப்படமுமாகத் தெரியும். அதற்குப் பெயர் டேரிங்.

டிவிப் பெட்டியில் "Motion Rate 120" மாதிரி எழுதியிருந்தால் ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் விளம்பர எண். ஸ்பெசிஃபிகேஷனில் பேனலின் ரெஃப்ரெஷ் ரேட் என்ன என்று தேடிப் பாருங்கள்.

சரி, இனி கன்சோலுக்குள் போவோம். பிஎஸ்5-ல் Settings, Screen and Video, Video Output என்று போனால் Resolution இருக்கும். அது பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும் சிக்னலின் அளவு. அதை 4K ஆக வைத்தால் எல்லா கேமும் 4K-வில் வரையப்படும் என்று அர்த்தமில்லை. உள்ளே 1440p-யில் வரைந்து பெரிதாக்கி அனுப்பும் கேம்கள் ஏராளம். சுமை கூடும்போது ரெசொல்யூஷனைத் தானே குறைத்து, பிறகு ஏற்றிக்கொள்ளும் கேம்களும் உண்டு. இங்கே Automatic போதும்.

உண்மையில் படத்தை மாற்றுவது கேமின் உள்ளே இருக்கும் மோட்தான். "மைல்ஸ் மொராலஸ்" என்ற ஸ்பைடர்மேன் கேம் நல்ல உதாரணம். Fidelity மோடில் 30 எஃப்பிஎஸ், அதிக ரெசொல்யூஷன், கண்ணாடிக் கட்டடங்களில் தெருவே பிரதிபலிக்கும் ரே டிரேசிங். Performance மோடில் அந்தப் பிரதிபலிப்புகள் போய், ரெசொல்யூஷனும் இறங்கி 60 எஃப்பிஎஸ் கிடைக்கும். பின்னால் வந்த அப்டேட்டில் Performance RT என்று நடுவழியும் சேர்த்தார்கள்: 60 எஃப்பிஎஸ், ரே டிரேசிங்கும் உண்டு, ரெசொல்யூஷன் இன்னும் குறைவு. கன்சோலின் சக்தி ஒன்றுதான், அதை எங்கே செலவழிப்பது என்பது மட்டுமே நம் கையில். நான் எதிலும் முதலில் Performance-ஐத்தான் போடுவேன். ஒவ்வொரு முறையும் மாற்றச் சோம்பலாக இருந்தால் Saved Data and Game/App Settings-க்குள் Game Presets-ல் ஒரே தடவை தேர்வு செய்துவிடலாம். அதை மதிக்கும் கேம்கள் அதன்படி தொடங்கும்.

120 ஹெர்ட்ஸுக்கு வருவோம். 4K-வில் 120 வேண்டுமென்றால் டிவியில் எச்டிஎம்ஐ 2.1 வேண்டும்; 2.0-வில் 4K என்றால் 60 வரைதான். டிவியில் நான்கு போர்ட் இருந்தாலும் ஒன்றிரண்டில்தான் 4K 120 கிடைக்கலாம், பக்கத்தில் எழுதியிருக்கும். கன்சோலோடு வந்த கேபிளையே போடுங்கள். இத்தனையும் இருந்தாலும் கேமில் 120 மோட் இருந்தால்தான் பலன். ஒரு சுவாரஸ்யமான விதிவிலக்கு 40 எஃப்பிஎஸ். "ரிஃப்ட் அபார்ட்" கேமில் 120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தால் Fidelity மோடை 40-ல் ஓட்டலாம். 60-ல் 40 சமமாகப் பொருந்தாது, 120-ல் ஒவ்வொரு படமும் சரியாக மூன்று முறை வரும். பத்து எஃப்பிஎஸ்தானே கூடியது என்று நினைக்கலாம். ஆனால் 40-ல் ஒரு படத்துக்கு 25 மில்லிசெகண்ட்; 33.3-க்கும் 16.7-க்கும் நட்டநடுவே!

டிவியில் விஆர்ஆர் எனும் மாறும் ரெஃப்ரெஷ் ரேட் வசதி இருந்தால் அந்த பஸ் கதையே மாறும். படம் தயாரானதும் டிவி அப்போதே புதுப்பிக்கும். டேரிங்கும் தடுமாற்றமும் குறையும். பிஎஸ்5-ல் இது 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும்; 30 எஃப்பிஎஸ் கேமை இது 60 ஆக்காது. எச்டிஆர் வெளிச்சமும் நிறமும் சார்ந்தது, மேலே சொன்ன மூன்றையும் தொடாது.

எக்ஸ்பாக்ஸில் இதே விஷயங்கள் General, TV & display options-ல் இருக்கும். அங்கே 4K TV details என்ற பக்கத்தைத் திறந்தால் உங்கள் டிவி எதற்கெல்லாம் தயார், எதற்கு இல்லை என்று வரிசையாகச் சொல்லிவிடும்.

கடைசியாக டிவி ரிமோட்டை எடுங்கள். பிக்சர் மோடை Game-க்கு மாற்றுங்கள். மற்ற மோடுகளில் டிவி நடுநடுவே தானாகப் படங்களை இட்டு நிரப்பி வழவழப்பாக்கப் பார்க்கும். அதற்கு எடுக்கும் நேரம், நீங்கள் பட்டன் அழுத்திய பிறகு வரும் தாமதமாகச் சேர்ந்துகொள்ளும். 60 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்கள் Performance மோடையும் இந்த ஒரு மாற்றத்தையும் செய்துவிட்டு ஒரு மேட்ச் ஆடிப் பார்க்கட்டும், புது டிவி வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.